மூடிய பெட்டிக்குள் மூன்று வாட்

மேசைமேல் பரப்பி வைத்து ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பெட்டிக்குள் வைத்து மூடி, மோட்டார் ரூம் சுவரில் மாட்டியபின் கோளாறு தொடங்கும். காலையில் ஓடும். மதியம் இரண்டு மணிக்குத் தானே அணைந்து தானே எழும். ரிலே டக் டக்கென்று அடிக்கும். இரவில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் வைஃபை கட்டுப்பாட்டுப் பெட்டி செய்பவர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. புரோகிராமில் பிழை தேடுவார்கள், வைஃபை சிக்னலைக் குறை சொல்வார்கள், அடாப்டரை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி போர்டின் மூலையில் நிற்கும் மூன்று கால் ரெகுலேட்டர்தான். அது சூடு தாங்காமல் வேலைநிறுத்தம் செய்கிறது.

இதைப் பெட்டி செய்யும் முன்பே, தாளில் பத்து வரிக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் கணக்கைப் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ரெகுலேட்டரின் சூட்டைக் கணக்கிடுகிறார்கள், பெட்டியின் சூட்டை மறந்துவிடுகிறார்கள். மீதிப் பாதியையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் பெட்டி இது. 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 5.5 செ.மீ. ஆழம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. தூசியும் சாரலும் நுழையாதபடி ரப்பர் வளையம் வைத்து மூடியது. வெளியே ப்ளக்கில் செருகிய அடாப்டரிலிருந்து 12 வோல்ட் உள்ளே வருகிறது. அதை 7805 என்ற ரெகுலேட்டர் 5 வோல்ட்டாக இறக்குகிறது. இரண்டு ரிலேக்கள் அந்த 5 வோல்ட்டில் ஓடுகின்றன: ஒன்று போர்வெல் மோட்டாரின் கான்டாக்டருக்கு, இன்னொன்று தோட்டத்து வால்வுக்கு. அதே 5 வோல்ட்டை ஏ.எம்.எஸ். 1117 என்ற இன்னொரு சின்ன ரெகுலேட்டர் 3.3 வோல்ட்டாக இறக்கி, வைஃபை உள்ள இ.எஸ்.பி. 32 சிப்புக்குக் கொடுக்கிறது. எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் பொருள்கள்தான் எல்லாம்.

7805 போன்ற ரெகுலேட்டருக்கு 'லீனியர்' என்று பெயர். அது செய்யும் வேலை எளிமையானது, கொஞ்சம் ஊதாரித்தனமானதும்கூட. 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டைக் கொடுக்கிறது. மிச்சமுள்ள 7 வோல்ட்டை எங்கும் சேமிப்பதில்லை, தன் உடம்பிலேயே சூடாக்கிக் கழிக்கிறது. உள்ளே எத்தனை மில்லியாம்பியர் நுழைகிறதோ ஏறக்குறைய அத்தனையும் வெளியே போகிறது. ஆகவே அதில் வீணாகும் வாட், உள்ளே வரும் வோல்ட்டில் வெளியே போகும் வோல்ட்டைக் கழித்து, மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. இதோடு ரெகுலேட்டர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் சில மில்லியாம்பியரையும் சேர்க்க வேண்டும். 7805-க்கு அது சுமார் 5 மில்லியாம்பியர்.

மின்னோட்டம் எவ்வளவு? இங்கேதான் முதல் தடுமாற்றம் வரும். இ.எஸ்.பி. 32 வைஃபையில் செய்தி அனுப்பும் கணத்தில் 240 மில்லியாம்பியர் வரை இழுக்கும். ஆனால் அந்தக் கணம் சில மில்லிசெகண்டுதான். அதற்குள் ரெகுலேட்டரின் உலோகம் சூடேறிவிடாது. வெப்பக் கணக்குக்குச் சராசரி போதும். 120 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்வது நியாயமானது. அதே சராசரிக் கணக்கை ரிலேக்குப் போடக் கூடாது. சந்தையில் பரவலாக விற்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 ஓம். அப்படியானால் ஒன்றுக்கு 71 மில்லியாம்பியர், இரண்டுக்கு 142. மோட்டார் ஓடும் ஒரு மணி நேரமும் ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும். பெட்டி முழுச் சூட்டை எட்ட அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறையப் போதும். ஆகவே ரிலேயை எப்போதும் ஓடுவதாகவே கணக்கில் எடுக்க வேண்டும். 'ஒரு நாளில் ஒரு மணி நேரம்தானே' என்று 24-ஆல் வகுப்பவர் ஏமாந்துபோவார்.

இப்போது கூட்டுவோம். சிப்புக்கு 120, சின்ன ரெகுலேட்டரின் சொந்தச் செலவு 5, ரிலேக்களுக்கு 142. மொத்தம் 267, 270 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 7805-ல் வீணாவது:

(12 − 5) × 0.27 = 1.89 வாட்

சொந்தச் செலவு 12 × 0.005 = 0.06 வாட். சேர்த்தால் 1.95 வாட். சின்ன ரெகுலேட்டரில் வீணாவது (5 − 3.3) × 0.12, அதாவது 0.2 வாட், சொந்தச் செலவோடு 0.23. அதைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம்.

சிலர் இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: ரிலேயை வேறு வழியில் பார்த்துக்கொண்டு 7805-ஐயே எடுத்துவிட்டு, 12 வோல்ட்டை நேராகச் சின்ன ரெகுலேட்டருக்குக் கொடுத்தால் என்ன? வோல்ட் வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் 8.7 வோல்ட்டையும் அரை நகம் அளவுள்ள அந்த உடம்பே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரு வாட்டுக்கு மேல் ஆகிவிடும். ஹீட்சிங்க் மாட்டக்கூட அதில் இடமில்லை. வீணாகும் சூட்டை இடம் மாற்றுவது குறைப்பதாகாது.

கறுப்பு பிளாஸ்டிக் உடம்புக்குள் கடுகளவு சிலிக்கான் துண்டு ஒன்று இருக்கிறது. சூடு பிறப்பது அங்கே. அந்தத் துண்டின் வெப்பநிலையைத்தான் ஜங்ஷன் வெப்பநிலை என்கிறோம். நாம் தொட்டுப் பார்ப்பது வெளி உடம்பை. சிப்புக்கு வலிப்பது உள்ளே. 7805-ன் ஜங்ஷன் 125 டிகிரிக்கு மேல் போகாமல் ஓட வேண்டும் என்பது அதன் டேட்டாஷீட் வைக்கும் வரம்பு. அதையும் தாண்டிப் போனால், சுமார் 150 டிகிரிக்கும் மேலே எங்கோ, உள்ளிருக்கும் பாதுகாப்பு விழித்துக்கொண்டு வெளிவரும் மின்சாரத்தை அடைத்துவிடும். ஆறியதும் திறந்துவிடும். இந்தப் பாதுகாப்பைச் சிப்புக்குள்ளேயே வைத்த பெருமை அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் வைட்லர் 1970-ஐ ஒட்டி வடிவமைத்த எல்.எம். 109-ஐச் சேரும். அதற்குப் பின் வந்த 7805-க்கும் அது கிடைத்தது. நல்ல காரியம்தான், ரெகுலேட்டர் எரியாமல் தப்பிக்கிறது. ஆனால் நமது பெட்டியின் மதிய நேரக் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கும் அதுவே காரணம்.

ஜங்ஷன் எவ்வளவு சூடாகும் என்று அறிய டேட்டாஷீட்டில் இன்னொரு எண் இருக்கிறது: ஒரு வாட் வீணானால் ஜங்ஷன் சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி மேலே போகும் என்பது. இதை வெப்பத் தடை என்பார்கள். உலோக வால் உள்ள டி.ஓ. 220 உடம்பில், ஹீட்சிங்க் இல்லாமல் நிற்கும் 7805-க்கு ஒரு தயாரிப்பாளர் வாட்டுக்கு 50 டிகிரி என்று அச்சிடுகிறார், இன்னொருவர் 65 என்கிறார். நாம் தாராளமாக 50 என்றே வைத்துக்கொள்வோம். நம் 1.95 வாட்டுக்கு 98 டிகிரி ஏற்றம்.

மேசைமேல், 30 டிகிரி அறையில், திறந்த போர்டில், ரிலேக்கள் ஓடினால் 30-ம் 98-ம் சேர்ந்து 128. வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனால் நின்றுபோகாது. உண்மையில் மேசைச் சோதனையில் ரிலேயை யாரும் மணிக்கணக்கில் போட்டு வைப்பதில்லை. ஒருமுறை டக்கென்று அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். ரிலே இல்லாமல் 7805-ல் வீணாவது 0.94 வாட்தான், ஜங்ஷன் 77 டிகிரி. ஆகவே மேசை 'பாஸ்' என்று சொல்லிவிடுகிறது.

கணக்கு இங்கே முடிந்துவிட்டதாக நினைத்து, 'வெளிக் காற்று 45 டிகிரி, அதோடு 98' என்று போட்டு 143 என எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் டேட்டாஷீட் சொல்லும் 'சுற்றியுள்ள காற்று' எது? அமெரிக்காவின் ஜெடெக் அமைப்பு வகுத்த JESD51-2 என்ற தரநிலை, அசையாத காற்றில் வெப்பத் தடையை அளக்க ஓர் அடிக்கு ஓர் அடி கனசதுரப் பெட்டியைச் சொல்கிறது. அதன் கொள்ளளவு 28 லிட்டர். நம் பெட்டியோ அரை லிட்டர். அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் சிறியது. நம் ரெகுலேட்டரைச் சுற்றியிருக்கும் காற்று மோட்டார் ரூமின் காற்று அல்ல. அந்த அரை லிட்டருக்குள் அடைபட்ட காற்று. அது வெளிக் காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ரெகுலேட்டரின் வாட் மட்டும் போதாது. பெட்டிக்குள் நுழையும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். ரெகுலேட்டர் எரிப்பதும் சூடு, சிப் சாப்பிடுவதும் சூடு, ரிலேச் சுருள் இழுப்பதும் சூடு. வெளியே போகும் வைஃபை அலையில் உள்ள ஆற்றல் கணக்கில் எடுக்கும் அளவு இல்லை. ஆகவே மொத்தச் சூடு என்பது 12 வோல்ட்டை உள்ளே வரும் மொத்த மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது:

12 × 0.275 = 3.3 வாட்

பிரித்துக் கூட்டியும் சரிபார்க்கலாம்: 7805-ல் 1.95, சின்ன ரெகுலேட்டரில் 0.23, சிப்பில் 0.40, ரிலேக்களில் 0.71. ஏறக்குறைய அதே 3.3 வருகிறது. இந்த ஒரு வரிச் சரிபார்ப்பைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். எங்கோ விட்டுப்போன ஒரு சுமை இங்கேதான் பிடிபடும். அடாப்டர் வெளியே இருப்பதால் அதன் சூடு நம் கணக்கில் இல்லை. 230 வோல்ட்டை நேராக உள்ளே கொண்டுவந்து சின்ன மின்வழங்கி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைப்பவர்கள் அதன் இழப்பையும் சேர்த்தாக வேண்டும்.

இனி இந்த 3.3 வாட் வெளியேற ஒரே வழி பெட்டியின் சுவர்கள். உள்காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்கு, பிளாஸ்டிக்கிலிருந்து வெளிக்காற்றுக்கு. அசையாத காற்றில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5 வாட் வரை கடத்தும் என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. நம் பெட்டியின் ஆறு பக்கங்களும் சேர்ந்து 412 சதுர செ.மீ. முதுகு சுவரோடு ஒட்டியிருப்பதால் அந்த 96-ஐக் கழித்தால் மிச்சம் 316. இந்தப் பரப்புக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 0.158 வாட்தான் வெளியேறும். திருப்பிச் சொன்னால், உள்ளே வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்காற்று 6.3 டிகிரி ஏறும். 3.3 வாட்டுக்கு 21 டிகிரி.

அந்த 5 வாட் என்ற எண் கல்வெட்டு அல்ல. அது 4 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் ஏற்றம் 26-லிருந்து 17 டிகிரி வரை ஊசலாடும். தாளில் போடும் கணக்குக்கு இவ்வளவு துல்லியம் போதும். முடிவு ஐந்து டிகிரியில் தொங்கிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். தொங்காதபடி வடிவமைப்பதே புத்திசாலித்தனம்.

வெளிக் காற்றுக்கு என்ன எடுத்துக்கொள்வது? வேலூர், கரூர் பக்கம் மே மாதத்தில் வானிலை நிலையம் 40 டிகிரிக்கு மேல் சொல்வது வழக்கம். அது நிழலில், காற்றோட்டமுள்ள மரக்கூண்டில் அளந்தது. தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் அதைவிடக் கூடும். 45 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது முழுக் கணக்கு: வெளியே 45. பெட்டிக்குள் ஏறுவது 21, உள்காற்று 66. ரெகுலேட்டரில் ஏறுவது 98. ஜங்ஷன் 164 டிகிரி. பாதுகாப்பு அடைத்துக்கொள்ளும் எல்லைக்குள் வந்துவிட்டது. இரவில் வெளியே 25 டிகிரி ஆகும்போது அதே கணக்கு 144 தரும். வரம்பை மீறியதுதான், ஆனால் ஓடும். மதியத்திலும் மோட்டார் ஓடாதபோது, ரிலே விட்டிருக்கும்போது, ஜங்ஷன் 102-தான். மதியம், அதுவும் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் பெட்டி ஏன் கிறுக்குப் பிடித்தது போல நடந்துகொள்கிறது என்பதற்கு இந்த நான்கைந்து எண்களே விடை.

இதை உறுதி செய்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு. லேப்டாப்பை இணைத்துச் சிப்பின் சீரியல் திரையைத் திறந்து வைத்தால், 5 வோல்ட் சரியும் கணத்தில் இந்த வரி வரும்:

```
Brownout detector was triggered
```

மின்சாரம் போதவில்லை என்று சிப் முனகுவது இது. அடாப்டர் பழுதானாலும் இதே வரிதான் வரும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அடாப்டர் பலவீனமானால் ரிலே இழுத்த அந்தக் கணமே வரும். சூட்டுக் கோளாறென்றால் ரிலே இழுத்துப் பல நிமிடம் கழித்து வரும். மூடியைத் திறந்து விசிறினால் நின்றுவிடும்.

இனி என்ன செய்வது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஹீட்சிங்க். கணக்கிட்டுப் பார்ப்போம். ஜங்ஷனை 125-ல் நிறுத்தாமல் கொஞ்சம் இடம் விட்டு 110-ல் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உள்காற்று 66 போக நமக்கு மிச்சம் 44 டிகிரி. அதை 1.95-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 22.6. இதில் ஜங்ஷனிலிருந்து உலோக வால் வரை 5, வாலிலிருந்து ஹீட்சிங்க் வரை பேஸ்ட் தடவினால் ஏறக்குறைய 1. மீதி 16.6. வாட்டுக்கு 16 டிகிரி என்று மதிப்பிட்ட ஹீட்சிங்க் வேண்டும். கடையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன அலுமினியத் துண்டு பெரும்பாலும் இதற்குப் போதாது. கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்கினால் போதும். ஆனால் அதன் எண் வெட்டவெளியில் அளந்தது, நெருக்கிய பெட்டிக்குள் அத்தனை நன்றாக வேலை செய்யாது.

ஆனாலும் எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. ஹீட்சிங்க் ரெகுலேட்டரைக் காப்பாற்றும், பெட்டியைக் காப்பாற்றாது. அடைத்த அறைக்குள் பெடஸ்டல் ஃபேன் போட்டது போலத்தான்; ஆளுக்குக் காற்று படும், அறை ஆறாது. 3.3 வாட்டும் உள்ளேயேதான் இருக்கிறது, உள்காற்று 66-லேயே நிற்கிறது. அந்தக் காற்றில் கிடந்து வேகிறவை எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய மலிவு கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் புழங்கும் விதி. 65 டிகிரியில் அது 8000 மணி நேரம். இடைவிடாமல் அந்தச் சூட்டிலேயே இருந்தால் பதினோரு மாதம். பெட்டி ஓராண்டு வாரன்டி முடிவதற்குள் திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை.

பெட்டிக்குள் சின்ன ஃபேன் வைப்பதும் இதே கதைதான். உள்காற்றைக் கலக்கும், கொஞ்சம் உதவும், தன் பங்குக்கு அரை வாட் சூட்டையும் சேர்க்கும். பெட்டியில் ஓட்டை போட்டால் சூடு வெளியேறும். ஆனால் தூசியும் எறும்பும் உள்ளே வரும், இரண்டு மழைக்காலத்துக்குள் பல்லி முட்டையிடும். 230 வோல்ட் போகும் ரிலே முனைகள் உள்ள பெட்டிக்குள் பல்லி நுழைந்தால் என்ன ஆகும் என்று எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சொல்வார்.

சூட்டை வெளியேற்றும் வழி தேடுவதைவிட அதைப் பிறக்கவிடாமல் செய்வதே மலிவு. அதற்கு முதல் வழி, ரெகுலேட்டரைத் தொடாமலே செய்யக்கூடியது: 5 வோல்ட் ரிலேக்குப் பதில் 12 வோல்ட் ரிலே போடுங்கள். அதே நீலப் பெட்டி, அதே கால்கள், அதே விலை. சுருள் மட்டும் 400 ஓம். ஒன்றுக்கு 30 மில்லியாம்பியர், அதுவும் அடாப்டரிலிருந்து நேராக வருகிறது, 7805 வழியாக அல்ல. ரிலே எரிக்கும் வாட் மாறவில்லை, ஒன்றுக்கு 0.36-தான். ஆனால் அந்த மின்னோட்டத்தைக் கொண்டுவருவதற்காக 7805 எரித்துக்கொண்டிருந்த ஒரு வாட் அப்படியே காணாமல் போகிறது. பெட்டியின் மொத்தச் சூடு 2.3 வாட்டாக இறங்குகிறது. உள்காற்று 59 டிகிரி. 7805-ல் 0.94 வாட்; ஜங்ஷன் 106. ஹீட்சிங்க் இல்லாமலே 110-க்குள் வந்துவிட்டது. 5 வோல்ட் ரிலேயை 12 வோல்ட்டிலிருந்து லீனியர் ரெகுலேட்டர் வழியாக ஓட்டுவது எத்தனையோ போர்டுகளில் இருக்கும் பழக்கம். யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையில் கிடைத்த ரிலே மாட்யூல் 5 வோல்ட், அவ்வளவுதான்.

ஆனால் வெப்பத் தடை 50 என்ற தாராள எண்ணை வைத்துத்தான் இந்த 106 வந்தது. கையில் கிடைத்தது 65 என்று அச்சிட்ட ரகமாக இருந்தால் அது 120 ஆகிவிடும். அப்போது சின்ன ஹீட்சிங்க் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி இன்னும் தெளிவானது. 7805-ஐ எடுத்துவிட்டு ஸ்விட்சிங் ரெகுலேட்டர், அதாவது பக் கன்வர்ட்டர் போடுவது. அது மிச்ச வோல்ட்டை எரிப்பதில்லை. விநாடிக்கு லட்சம் முறைக்கு மேல் மின்சாரத்தைத் திறந்து மூடி, சுருளில் தேக்கி, தேவைக்கு மட்டும் கொடுக்கிறது. பழைய வடிவமான எல்.எம். 2596-கூட 12-லிருந்து 5 வோல்ட்டுக்குச் சுமார் 80 சதவீதத் திறன் தரும். 5 வோல்ட் ரிலேக்களோடு, அதே 270 மில்லியாம்பியருக்கு வெளியே போவது 1.35 வாட், வீணாவது 0.34 வாட்தான். பெட்டியின் மொத்தச் சூடு 1.7 வாட். உள்காற்று 56 டிகிரி. அந்த ரெகுலேட்டருக்கும் வாட்டுக்கு 50 டிகிரி என்றே வைத்தால் ஜங்ஷன் 73. கெபாசிட்டருக்கும் பத்து டிகிரி குறைந்திருக்கிறது, அதன் ஆயுள் இரட்டித்திருக்கிறது. ரிலேயையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினால் சூடு இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் அதற்குமேல் அவசியமில்லை. 7805 நின்ற அதே மூன்று துளைகளில் அப்படியே பொருந்தும் ஸ்விட்சிங் மாட்யூல்களும் கிடைக்கின்றன. ஏற்கெனவே செய்து முடித்த போர்டுகளுக்கு அது வசதி. விலை 7805-ஐப் போலப் பல மடங்கு. அதன் இரைச்சல் சில நுட்பமான சென்சார்களைத் தொந்தரவு செய்யும். தொட்டியில் மிதவை சுவிட்சைப் பார்க்கும் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இத்தனை கணக்கும் நிழலில் இருக்கும் பெட்டிக்கு. பெட்டியை வெயிலில் மாட்டினால் வேறு கணக்கு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் கொட்டும். நம் பெட்டியின் முகம் 96 சதுர செ.மீ.; நேராக வெயில் பட்டால் அதன்மேல் விழுவது 9.6 வாட். கறுப்புப் பெட்டி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். உள்ளே நாம் கால் வாட், அரை வாட் என்று மிச்சம் பிடித்தது எங்கே, இது எங்கே! வெள்ளைப் பெட்டி வாங்கி, மேலே ஒரு தகரத் துண்டை இரண்டு விரல் இடைவெளி விட்டு நிழலாகப் பிடிப்பது எந்த ஹீட்சிங்கையும் விட மேல்.

கடைசியில் அளந்து பார்க்காமல் எந்தக் கணக்கையும் நம்பக் கூடாது. இதற்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் ஒயரின் முனையை ரெகுலேட்டரின் உலோக வாலில் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி, ஒயரை வெளியே எடுத்து, பெட்டியை நிஜமாகவே மூடுங்கள். ரிலே முனைகளில் 230 வோல்ட் இணைக்காமல், சுருள்களை மட்டும் ஓட விடுங்கள். பெட்டி நிதானமாகத்தான் சூடாகும். ஒன்றரை மணி நேரமாவது விட்டு, எண் ஏறுவது நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். வாலின் சூட்டோடு வாட்டுக்கு 5 டிகிரி வீதம் கூட்டினால் ஜங்ஷன் வரும். அறை 30 டிகிரியில் இருந்தால், 45-க்கு இன்னும் 15 கூட்டுங்கள். ஏற்றம் ஏறக்குறைய மாறாது. துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின்மேல் நேராக நீட்டாதீர்கள், அது குறைத்துக் காட்டும். மேலே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு அளங்கள். அடாப்டர் உண்மையில் எத்தனை வோல்ட் தருகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். 12 என்று எழுதிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லேசான சுமையில் 15, 16 வோல்ட் கொடுக்கும். சோலார் பேட்டரி என்றால் சார்ஜ் ஆகும் நேரத்தில் 14.4 வரை போகும். லீனியர் ரெகுலேட்டரில் அந்த அதிகப்படி ஒவ்வொரு வோல்ட்டும் நம் பெட்டியில் 0.27 வாட்.

என் தீர்ப்பு கேட்டால்: மூடிய சின்னப் பெட்டிக்குள் லீனியர் ரெகுலேட்டரில் அரை வாட்டுக்கு மேல் வீணாகிறது என்று தாளில் தெரிந்த உடனே பக் கன்வர்ட்டருக்கு மாறிவிடுங்கள். அரை வாட்டுக்குள் என்றால் 7805 இருக்கட்டும். மலிவானது, இரைச்சல் இல்லாதது. இரண்டில் எதைப் போட்டாலும் மூடி போட்டு, ரிலேக்களை ஓட விட்டு, ஒன்றரை மணி நேரம் அளந்த பிறகே சுவரில் துளை போடுங்கள்.